கடன் வாங்கினால் வரி மிச்சமா? மில்லர் மாதிரியை நீங்களே போட்டுப் பார்க்கும் வழி

ஒரு மதிப்பீட்டு அறிக்கையில் நான் 600 என்று எழுதிய எண், மூன்று வாரம் கழித்து 61.5 ஆகச் சுருங்கியது. கூட்டலில் பிழை இல்லை. நிறுவனத்தின் கடன் 2,000, நிறுவன வரி 30%. வட்டிக்கு வரிக் கழிவு உண்டு என்பதால், கடன் தரும் வரிச் சேமிப்பின் மதிப்பு 2,000-ல் 30%, அதாவது 600 என்று பாடத்தில் படித்தபடியே பெருக்கிவிட்டேன். அறிக்கையைச் சரிபார்த்தவர் ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதித் திருப்பி அனுப்பினார்: "வட்டியை வாங்குகிறவர் வரி கட்டமாட்டாரா?"

பொருளியலாளர் மெர்ட்டன் மில்லர் 1977-ல் வெளியிட்ட மாதிரியின் மையக் கேள்வியும் அதுதான். நிறுவன வரியோடு நிறுத்தாமல், பணம் கடைசியில் யார் கைக்குப் போகிறதோ அவர் கட்டும் வரியையும் சேர்த்துப் பார்த்தால் கடனின் சாதகம் குறையும், சில இடத்தில் மறைந்தே போகும். அந்த மூன்று வாரத்தில் நான் முட்டிக்கொண்ட இடங்களை வரிசைப்படுத்தித் தருகிறேன். எல்லாப் படியிலும் ஒரே நிறுவனம்தான் வரும். எந்த நாட்டு நாணயமாகவும் நினைத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் மேசைக்கு வர வேண்டிய தாள்கள்

கணக்கில் மூன்று வரி விகிதங்கள்தான் தேவை. நிறுவன வரி Tc. பங்கு வழியாக வரும் வருமானத்துக்குப் பங்குதாரர் கட்டும் வரி Ts. வட்டி வருமானத்துக்குக் கடன் கொடுத்தவர் கட்டும் வரி Td. மூன்றும் வரிச் சட்ட அட்டவணையில் அச்சிட்டபடியே கிடைக்கும் என்று நினைத்ததுதான் என் முதல் தவறு. அட்டவணையும் வேண்டும், ஆனால் அதோடு இவையும் வேண்டும்:

- நிறுவனத்தின் கடந்த 5 ஆண்டு வருமான வரிக் கணக்கீட்டுத் தாள்கள். லாப நட்டக் கணக்கில் உள்ள வரி போதாது, அதில் ஒத்திவைத்த வரியும் கலந்திருக்கும்.
- கடன் பத்திரங்களின் விதிமுறைகளும் வட்டி விகிதமும்.
- ஈவுத்தொகை கொடுத்த வரலாறு: லாபத்தில் எவ்வளவை வெளியே கொடுத்தார்கள், எவ்வளவை உள்ளே வைத்துக்கொண்டார்கள்.
- வரிக்குட்பட்ட பத்திரம், வரிவிலக்குப் பத்திரம் இரண்டின் சந்தை ஈட்டு விகிதம், ஒரே நாளில் எடுத்தது.

முதல் மூன்றும் நிறுவனத்திடமே இருக்கும், செலவில்லை. கடைசி ஒன்றுக்குச் சில இடங்களில் சந்தைத் தரவுச் சந்தா கேட்பார்கள். எனக்கு நேரம் அதிகம் போனது வரிக் கணக்கீட்டுத் தாள்களுக்குத்தான். கேட்டு வாங்கவே ஒரு வாரம் ஆனது. அதனால் அதை முதல் நாளே கேட்டு வையுங்கள். தாள்கள் வந்த பிறகு கணக்கு இரண்டு நாள் வேலைதான்.

2. ஒரு 100-ஐ எடுத்துக் கடைசி வரை பின்தொடருங்கள்

சூத்திரத்துக்குப் போகும் முன் இதைக் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். நம் நிறுவனத்தில் Tc 30%, Ts 10%, Td 35% என்று வையுங்கள். இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று பிறகு சொல்கிறேன்.

வரிக்கும் வட்டிக்கும் முந்தைய லாபத்தில் 100-ஐ வட்டியாகக் கொடுத்தால், நிறுவனம் அதன்மேல் வரி கட்டாது. 100 முழுதாகக் கடன் கொடுத்தவரிடம் போகும். அவர் 35 வரி கட்டுவார். கையில் நிற்பது 65.

அதே 100-ஐப் பங்குதாரருக்கு விட்டால், நிறுவனம் முதலில் 30 வரி கட்டும். மிச்சம் 70. அதில் பங்குதாரர் 10%, அதாவது 7 கட்டுவார். கையில் நிற்பது 63.

ஆக, வட்டி வழியில் போனால் 65, பங்கு வழியில் போனால் 63. நான் 30 என்று நினைத்திருந்த சாதகம் உண்மையில் 2. நிறுவன வாசலில் மிச்சமான 30-ல் பெரும்பகுதியைக் கடன் கொடுத்தவரின் வரி வாங்கிக்கொண்டது.

3. சூத்திரத்தில் போடுங்கள், வகுப்பதை மறக்காதீர்கள்

```
G = [1 - (1 - Tc) × (1 - Ts) / (1 - Td)] × D
```

G என்பது கடன் இருப்பதால் நிறுவனத்தின் மதிப்பில் கூடும் தொகை. D என்பது கடனின் சந்தை மதிப்பு. நம் எண்களைப் போட்டால் 0.63-ஐ 0.65-ஆல் வகுக்க 0.9692. ஒன்றில் அதைக் கழிக்க 0.0308. கடன் 2,000-க்கு G = 61.5.

இங்கே நான் மறுபடியும் தவறினேன். 100-க்கு 2 சாதகம் என்பதால் 2,000-க்கு 40 என்று எழுதினேன். வகுத்தல் ஏன் வேண்டும் என்று புரியாததால் வந்த பிழை இது. 100-க்கு 2 என்பது ஆண்டு வட்டியில் கிடைக்கும் சாதகம். அதை மதிப்பாக மாற்ற, வரி போன பிறகான வட்டி விகிதத்தால் வகுக்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால் இப்படிச் சரிபாருங்கள். கடனுக்கு வட்டி 8%, அதாவது ஆண்டுக்கு 160. கடன் கொடுத்தவர் வரி கட்டிய பிறகு 104. வரிக்குப் பிந்தைய விகிதம் 8%-ல் 65%, அதாவது 5.2%. 104-ஐ 5.2%-ஆல் வகுத்தால் 2,000, கடனின் மதிப்பு சரியாக வருகிறது. அதே 160 பங்கு வழியில் போயிருந்தால் கைக்கு வருவது 100.8. அதை 5.2%-ஆல் வகுத்தால் 1,938.5. இரண்டுக்கும் வித்தியாசம் 61.5. உங்கள் சூத்திர விடையும் இந்த நீண்ட வழி விடையும் பொருந்தவில்லை என்றால், ஏதோ ஒரு விகிதத்தை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. Ts-ம் Td-ம் ஒரே எண்ணாக இருந்தால் மேலும் கீழும் வெட்டுப்பட்டு, G என்பது Tc × D ஆகிவிடும். நான் முதலில் எழுதிய 600 அதுதான். தனிநபர் வரியே இல்லாவிட்டாலும், இரு வகை வருமானத்துக்கும் ஒரே அளவில் இருந்தாலும் அந்தப் பழைய விடை சரி. சாதகத்தைத் தின்பது தனிநபர் வரி இருப்பது அல்ல. வட்டிக்கு அதிகமாகவும் பங்குக்குக் குறைவாகவும் அது இருப்பதுதான்.

4. Ts: அட்டவணையில் உள்ள எண்ணை அப்படியே போடாதீர்கள்

நம் எடுத்துக்காட்டில் ஈவுத்தொகைக்கும் மூலதன ஆதாயத்துக்கும் சட்டப்படி வரி ஒரே 16%தான். பிறகு Ts எப்படி 10% ஆனது?

நிறுவனம் லாபத்தில் 25%-ஐத்தான் ஈவுத்தொகையாகக் கொடுக்கிறது. மீதி 75% உள்ளேயே தங்கிப் பங்கின் விலையை ஏற்றுகிறது. அந்த ஏற்றத்துக்குப் பங்கை விற்கும் நாளில்தான் வரி. பங்குதாரர்கள் சராசரியாக 14 ஆண்டு வைத்திருந்து விற்கிறார்கள் என்று வைப்போம். 14 ஆண்டு கழித்துக் கட்டும் 16-ன் இன்றைய மதிப்பு, 5.2% வீதம் தள்ளிப் பார்த்தால், ஏறக்குறைய 8. சட்டத்தில் ஒரு எழுத்து மாறாமல், தள்ளிப்போட்டதாலேயே வரி பாதியாகிவிட்டது.

இனி இரண்டையும் எடையிட்டுச் சேர்க்க வேண்டியதுதான். ஈவுத்தொகைப் பங்கு 25%, அதன்மேல் 16% என்றால் 4. ஆதாயப் பங்கு 75%, அதன்மேல் 8% என்றால் 6. மொத்தம் 10.

எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள் என்பது யாருக்கும் துல்லியமாகத் தெரியாது. அதனால் 5 ஆண்டுக்கும் 20 ஆண்டுக்கும் தனித்தனியே போட்டு, G எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். G-யின் குறியே, கூட்டலா கழித்தலா என்பதே, மாறினால் அறிக்கையில் ஒற்றை எண்ணை எழுதுவது நேர்மையாகாது. வீச்சாக எழுதுங்கள்.

புதிதாக வருபவர்கள் அதிகம் விழும் பள்ளம் இதுதான் என்று நினைக்கிறேன். ஈவுத்தொகை வரியை மட்டும் எடுத்து Ts என்று போட்டுவிடுவார்கள். அப்படி 16% போட்டிருந்தால் பங்கு வழியில் 58.8தான் நிற்கும், G 190 தாண்டும்.

5. Td: சந்தையிடம் கேளுங்கள்

கடன் பத்திரம் வைத்திருப்பவர்களில் ஓய்வூதிய நிதி போல வரியே கட்டாதவர்கள் இருப்பார்கள், உச்ச அடுக்கில் உள்ள தனிநபர்களும் இருப்பார்கள். நான் பதிவேட்டை எடுத்துச் சராசரி போட உட்கார்ந்தேன். இரண்டு நாள் வீண். விலையைத் தீர்மானிப்பது சராசரி ஆள் இல்லை. இன்னும் ஒரு பத்திரம் வெளியே வந்தால் அதை வாங்கலாமா வேண்டாமா என்று விளிம்பில் நிற்கும் ஆள்தான். மில்லர் மாதிரியில் Td என்பது அந்த விளிம்பு முதலீட்டாளரின் வரி.

அவரைத் தேடிப் போக வேண்டாம், விலையிலேயே இருக்கிறார். ஒரே அபாயம், ஒரே முதிர்வுக் காலம் கொண்ட இரண்டு பத்திரங்களை எடுங்கள். வரிக்குட்பட்டது 8% தருகிறது, வரிவிலக்கு பெற்றது 5.2% தருகிறது. இரண்டும் தனக்குச் சமம் என்று ஒருவர் நினைத்தால் அவருடைய வரி எவ்வளவு இருக்க வேண்டும்?

```
Td = 1 - 5.2 / 8 = 0.35
```

நம் 35% இங்கிருந்துதான் வந்தது.

இதில் கவனம் வேண்டிய இடம் ஒன்று. வரிவிலக்குப் பத்திரம் சந்தையில் எளிதாக விற்காது என்றால், அதற்காகக் கொஞ்சம் கூடுதல் விகிதம் கொடுத்திருப்பார்கள். அதைக் கழிக்காமல் விட்டால் Td குறைவாகத் தெரியும், கடனின் சாதகம் பெரிதாகத் தெரியும். முதிர்வுக் காலம் வேறுபட்டாலும் கணக்கு கெடும். உங்கள் சந்தையில் வரிவிலக்குப் பத்திரமே இல்லை என்றால் Td-க்கு ஒரு வீச்சு வைத்துத்தான் போட வேண்டும்.

6. Tc: அட்டவணை 30 சொன்னாலும் நிறுவனம் 30 கட்டுகிறதா?

அந்த 5 ஆண்டு வரிக் கணக்கீட்டுத் தாள்கள் இதற்குத்தான். வட்டிக் கழிவால் வரி குறைய வேண்டுமென்றால், கழிக்க வருமானம் இருக்க வேண்டும். தேய்மானக் கழிவும் பழைய நட்டமும் சேர்ந்து வருமானத்தை ஏற்கெனவே பூஜ்யமாக்கிவிட்ட ஆண்டில், வட்டி எதையும் மிச்சப்படுத்தாது.

நம் நிறுவனம் 5 ஆண்டில் ஒரு ஆண்டு அப்படி இருந்தது, அந்த ஆண்டின் கழிவு வீணாகவே போனது என்று வையுங்கள். இனியும் அப்படித்தான் என்றால், எதிர்பார்க்கும் Tc 30-ல் ஐந்தில் நான்கு, அதாவது 24%. (கழிவை அடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டுபோக முடிந்தால் அது வீணாகாது, தாமதம்தான் ஆகும். அப்போது Tc 24-க்கும் 30-க்கும் இடையில் எங்கோ நிற்கும்.)

சரி, 24% போட்டால் பங்கு வழியில் போகும் 100-ல் கைக்கு வருவது 68.4. வட்டி வழியில் அதே 65. G கழித்தலாகிறது: 2,000-க்கு −104.6. ஐந்தில் ஒரு மோசமான ஆண்டு, கடனைச் சாதகத்திலிருந்து பாதகத்துக்குத் தள்ளிவிட்டது. என் அறிக்கையில் கடைசி வரை விவாதம் நடந்தது இந்த எண்ணைப் பற்றித்தான்.

வட்டிக் கழிவுக்கு உச்சவரம்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய லாபத்தில் 30% வரைதான் வட்டியைக் கழிக்கலாம் என்ற வகை விதி பல நாடுகளில் உண்டு. வரம்பைத் தாண்டிய வட்டிக்கு Tc பூஜ்யம் என்று போட வேண்டும். அந்தப் பகுதிக் கடனில் ஒவ்வொரு 100-க்கும் ஏறக்குறைய 38 இழப்பு வரும். மொத்தக் கடனுக்கும் ஒரே Tc போட்டால் இது கண்ணில் படாது. வரம்புக்குள் எவ்வளவு, வெளியே எவ்வளவு என்று கடனை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

7. சாதகம் மறையும் புள்ளியைக் கண்டுபிடியுங்கள்

வட்டி வழியும் பங்கு வழியும் ஒரே தொகையைத் தரும் இடம்தான் அந்தப் புள்ளி:

```
(1 - Td) = (1 - Tc) × (1 - Ts)
```

Tc 30%, Ts 10% என்றால் வலப்பக்கம் 0.63. ஆகவே Td 37% ஆனால் G பூஜ்யம். 35%-ல் நாம் நிற்கும் இடம் அதற்கு இரண்டு புள்ளிதான் கீழே. Td 42% ஆனால் கடன் கொடுத்தவர் கையில் 58தான் நிற்கும், G −172 ஆகிவிடும்.

இதுவரை ஒரு நிறுவனத்தின் கணக்கு. ஏன் அந்தப் புள்ளியை நோக்கிச் சந்தையே நகர்கிறது என்பதுதான் மில்லரின் உண்மையான வாதம். அதைப் புரிந்துகொள்ள நிறுவனத்தின் பக்கமிருந்து செலவைப் பாருங்கள்.

பங்குதாரர் வரி போக 5.2% எதிர்பார்க்கிறார் என்றால், 10% வரிக்கு இடம்விட்டு நிறுவனம் அவருக்கு 5.78% ஈட்டித் தர வேண்டும். கடனுக்கு 8% வட்டி, 30% கழிவு போக நிறுவனத்துக்கு 5.6% செலவு. கடன் மலிவு. (அபாயத்தை இங்கே ஒதுக்கிவைத்து வரியை மட்டும் பார்க்கிறோம்.) இதைப் பார்த்த நிறுவனங்கள் எல்லாம் பங்கைக் குறைத்துக் கடன் பத்திரம் வெளியிடத் தொடங்கும்.

வாங்குவது யார்? வரி கட்டாதவர்களும் தாழ்ந்த அடுக்கில் இருப்பவர்களும் ஏற்கெனவே வாங்கி நிரப்பிவிட்டார்கள். இனி மேல் அடுக்கில் இருப்பவரை இழுக்க வேண்டும். 36% கட்டுகிறவருக்கு வரி போக 5.2% நிற்க வேண்டுமென்றால் வட்டி 8.125% வேண்டும். 37% கட்டுகிறவருக்கு 8.25% வேண்டும். வட்டி 8.25%-ஐத் தொடும்போது நிறுவனத்துக்குக் கழிவு போகச் செலவு 5.78%. பங்குக்கும் அதே 5.78%. இதற்கு மேல் கடன் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஒன்றுதான். புதிதாக வெளியிட யாருக்கும் காரணம் இல்லை, வெளியீடு அங்கே நின்றுவிடும்.

அப்படியானால் அரசு விட்டுக்கொடுத்த நிறுவன வரி எங்கே போனது? உயர்ந்த வட்டியாகத் தாழ்ந்த அடுக்கில் உள்ள பத்திரதாரரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. வரியே கட்டாத நிதி 5.2% கிடைத்தாலே வாங்கியிருக்கும், இப்போது 8.25% வாங்குகிறது. பங்குதாரருக்கு மிச்சம் ஒன்றுமில்லை. மொத்தப் பொருளாதாரத்தில் எவ்வளவு கடன் இருக்கும் என்பதை வரி விகிதங்கள் தீர்மானிக்கும், தனி ஒரு நிறுவனம் எவ்வளவு கடன் வைத்துக்கொண்டாலும் அதன் மதிப்பு மாறாது என்ற முடிவுக்கு மில்லர் வருவது இந்த வழியில்தான்.

இதை வைத்து "கடனுக்கு வரிச் சாதகமே கிடையாது" என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். நான் இரண்டாவது வரைவில் அப்படி எழுதி, அதுவும் திரும்பி வந்தது. சமநிலை என்பது விளிம்பில் நிற்கும் நிறுவனத்துக்கு. எல்லா ஆண்டும் முழு 30% கட்டும் நிறுவனத்துக்கும், 24%தான் கட்டும் நிறுவனத்துக்கும் சந்தை வட்டி ஒன்றே. அந்த வட்டியில் விளிம்பு முதலீட்டாளரின் Td 35% என்றால் முதல் நிறுவனத்துக்குச் சாதகம், இரண்டாவதற்குப் பாதகம். அதனால் உங்கள் நிறுவனத்தின் Tc-யைச் சந்தை சொல்லும் Td-யோடு ஒப்பிட்டுத்தான் எழுத வேண்டும்.

8. அறிக்கையை மூடும் முன்

தள்ளுபடி விகிதத்தில் ஏற்கெனவே வட்டியை (1 − Tc)-ஆல் பெருக்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அப்படிச் செய்துவிட்டு, கீழே G-யையும் தனியாகக் கூட்டினால் ஒரே சேமிப்பை இரண்டு முறை எண்ணியதாகும்.

அப்புறம், சூத்திரம் கடன் என்றைக்கும் இதே அளவில் நிற்கும் என்று எடுத்துக்கொள்கிறது. 5 ஆண்டில் அடைபடும் கடனுக்கு 61.5 முழுதாகக் கிடைக்காது. அசல் 5-ஆம் ஆண்டு முடிவில் மொத்தமாகத் திரும்பும் என்றால், ஆண்டுச் சாதகம் 160-ல் 2%, அதாவது 3.2. அதை 5 ஆண்டுக்கு மட்டும் 5.2% வீதம் தள்ளிக் கூட்டினால் 13.8தான் வரும். திவால் செலவும் இந்தக் கணக்கில் இல்லை, அதைத் தனியே கழிக்க வேண்டும்.

விகிதங்களுக்குப் பக்கத்தில் தேதி எழுதுங்கள். ஈட்டு விகிதம் எடுத்த நாள் ஒன்று, வரி விகிதம் நடைமுறைக்கு வரும் நாள் இன்னொன்று. என் அறிக்கையில் சாதகம் 35-க்கும் 37-க்கும் இடையில் தொங்கிக்கொண்டிருந்ததால், வரி விகிதம் மாறும் அறிவிப்பு வந்த அன்றே 2-ஆம் படியிலிருந்து மறுபடி போட்டேன். தாள்கள் கையில் இருந்ததால் அரை நாளில் முடிந்தது.